நோவில்லாமல் சலத்தோடு போகும் இரத்தம்

2023 ஆம் ஆண்டு தை மாதம். முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் சுயஉதவிக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா மட்டும் போகாமல் நின்றார். வயது 58. கணவரையும் மூத்த மகனையும் 2009 இல் இழந்தவர். இப்போது பேரப்பிள்ளையோடு இருக்கிறார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சுற்றிவரப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, சொல்லவும் வெக்கமாக் கிடக்கு. நின்று எட்டு வருசமாப் போச்சு. இப்ப திரும்ப மாதச் சுகவீனம் வந்திட்டுது போலை."

"எங்கையம்மா படுது? உடுப்பிலையோ?"

"உடுப்பிலை ஒண்டும் இல்லை. சலம் போகேக்கை மட்டுந்தான். இண்டைக்கு ஈரல் துண்டு மாதிரி ஒண்டும் விழுந்தது."

"நோகுதோ? எரியுதோ?"

"ஒரு நோவும் இல்லை. நோவிருந்தா நான் அப்பவே ஆசுப்பத்திரிக்குப் போயிருப்பன்தானே."

அவர் கடைசியாகச் சொன்ன அந்த வசனத்துக்காகவே இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு, ஊரும் ஆளும் தெரியாதபடி எழுதுகிறேன். எங்கள் பெண்கள் நோவை வைத்துத்தான் வருத்தத்தை அளக்கிறார்கள். ஷெல் காயத்தோடு நாட்கணக்காக நடந்து வந்தவர்களுக்கு, நோகாத ஒன்றை வருத்தம் என்று எண்ணத் தோன்றாது. ஆனால் சலத்தோடு போகும் இரத்தத்தின் விடயத்தில் இந்த அளவுகோல் தலைகீழாக இருக்கிறது. எரிவோடும் அடிவயிற்று நோவோடும் இரத்தம் போனால் அது பெரும்பாலும் கிருமித் தொற்றாகவோ கல்லாகவோ இருக்கும். அதுவும் காட்ட வேண்டிய வருத்தம்தான், ஆனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஓரளவு இலகு. நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஒரு நோவும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போனால் வைத்தியர்கள் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள்தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவர்கள் இருப்பார்கள்.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் இல்லை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்த அம்மாவின் கதையை முதலில் இருந்து கேட்டேன். முதல் தடவை வந்தது 2022 ஆனி மாதம். ஒரு காலையில் சலம் தேங்காய்ப்பூக் கழுவிய தண்ணீரில் சிவப்பு மை ஊற்றியது போல இருந்ததாம். அன்று மூன்று தரம் அப்படிப் போய், அடுத்த நாள் வழமைபோல் ஆகிவிட்டது. வெயில் சூடு என்று நினைத்துப் பார்லி அவித்துக் குடித்தார், இளநீரும் குடித்தார். நின்றது. பார்லிதான் நிற்பாட்டியது என்று நம்பினார். அது எரிபொருள் இல்லாத காலம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பஸ்ஸுக்கே அரைநாள் நிற்கவேண்டும் என்பதால், நின்றதே போதும் என்று விட்டுவிட்டார்.

ஐப்பசியில் மறுபடியும் வந்தது. இம்முறை பக்கத்தில் ஓர் இடத்தில் காட்டினார். சலம் பரிசோதித்தார்கள். செங்குருதிக் கலங்கள் எண்ண முடியாத அளவு நிறைந்திருந்தன. சீழ்க் கலங்களும் கொஞ்சம் இருந்தன. கிருமி என்று ஐந்து நாளுக்குக் குளிசை கொடுத்தார்கள். இரண்டாம் நாளே இரத்தம் நின்றது. பேர் குளிசைக்குப் போயிற்று. கிருமி உண்மையில் இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அதாவது கல்ச்சருக்கு, சலம் அனுப்பப்படவில்லை. குளிசை முடிந்தபின் திரும்ப ஒரு தரம் பரிசோதிக்கச் சொல்லவும் இல்லை. தையில் மூன்றாம் தடவை வந்தபோதுதான் கிணற்றடிக்கு என்னைக் கூட்டிப் போனார்.

பார்லியும் இரத்தத்தை நிற்பாட்டவில்லை, குளிசையும் நிற்பாட்டவில்லை. அது தானாக நின்றது. சிறுநீர்ப்பைக்குள் வளரும் கட்டி பெரும்பாலும் கடற்பாசி போல மெல்லிய இழைகளாக இருக்கும். ஒவ்வொரு இழைக்குள்ளும் நுண்ணிய இரத்தக் குழாய் உண்டு. அதில் ஒன்று அறுந்தால் இரத்தம் போகும். குழாயின் வாய் உறைந்து அடைபட்டால் நின்றுவிடும். பிறகு வாரக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காக ஒன்றும் இராது. சலம் தண்ணீர் போலத் தெளிவாகப் போகும். கட்டி மட்டும் அப்படியே இருந்து வளரும். நோவு வராததற்கும் காரணம் உண்டு. பையின் உட்தோலில் வளரும் சிறு கட்டி எதையும் நெரிப்பதில்லை, சலத்தை மறிப்பதுமில்லை. அது நோகத் தொடங்கும் நேரத்தில் பெரும்பாலும் சுவருக்குள் ஆழமாக இறங்கியிருக்கும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு பாதகமும் இருக்கிறது. ஆணொருவர் சிவப்பாகச் சலம் போகுது என்று சொன்னால் உடனே தேடத் தொடங்குவார்கள். பெண் சொன்னால் மாதவிடாயாக இருக்கலாம், அல்லது பெண்களுக்கு வழமையாக வரும் சலத்தொற்றாக இருக்கலாம் என்று இரண்டு சுலபமான விடைகள் தயாராக இருக்கின்றன. வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளிலும், இரத்தம் போகும் பெண்கள் ஆண்களைவிடத் தாமதமாகவே சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பப்படுகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மட்டும் நடக்கும் தவறு இல்லை இது.

சரி, வைத்தியர்கள் எப்படித் தேடுகிறார்கள்?

முதலில் அது இரத்தம்தானா என்று பார்க்கிறார்கள். பீற்றூட் கறி சாப்பிட்ட அடுத்த நாள் சிலருக்குச் சலம் சிவக்கும். சயரோகத்துக்குக் குளிசை எடுப்பவர்களுக்கு அதிலுள்ள றிபாம்பிசின் என்ற மருந்தால் சலம் செம்மஞ்சளாகப் போகும். இவை இரத்தம் அல்ல. சலத்தில் தோய்க்கும் நிறத்தாளும் நுணுக்குக்காட்டியும் இதைப் பிரித்துச் சொல்லிவிடும். மறுபக்கம், உண்மையான இரத்தம் மிகச் சிறிதளவு கலந்தாலும் நிறம் மாறும். ஒரு லீற்றர் சலத்தில் ஒரு மில்லிலீற்றர் இரத்தம் போதும். அதனால் குடம் நிறையச் சிவப்பாகத் தெரிந்தாலும் உடனே உயிருக்கு ஆபத்து என்று நடுங்க வேண்டாம். வெளிர்ச்சிவப்பாக இருந்தது என்பதற்காக அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

அடுத்தது, அது எந்த வழியால் வருகிறது என்ற கேள்வி. இதைப் பெண்கள் வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு சுத்தமான பஞ்சை யோனி வாசலில் வைத்துக்கொண்டு, ஒரு தெளிவான கண்ணாடிப் போத்தலுக்குள் சலம் விட வேண்டும். முதலில் போவதை நிலத்தில் விட்டு, நடுவில் வருவதைப் பிடிப்பது நல்லது. பஞ்சு வெள்ளையாக இருந்து சலம் சிவந்தால் அது சலவழி இரத்தம். பஞ்சு சிவந்தால் கருப்பை வழி. ஆனால் ஒன்று: மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் பஞ்சு சிவந்தால் அதுவும் கட்டாயம் காட்ட வேண்டியதே. கருப்பையிலும் கருப்பைக் கழுத்திலும் புற்றுநோய் தேடுவார்கள். ஆகவே அந்த அம்மா நினைத்தது போலத் திரும்ப வந்ததாகவே இருந்தாலும், வீட்டில் இருந்திருக்கக் கூடாது.

சலவழி இரத்தம் என்று தெரிந்தபின், சலம் போகும் பாதை முழுவதும் தேடவேண்டும். மேலே இரண்டு சிறுநீரகங்கள், அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்கள், கீழே சலம் தங்கும் பை, கடைசியில் வெளிவரும் குறுகிய வழி. இந்தப் பாதையில் எங்கும் இரத்தம் கசியலாம். வைத்தியர் உங்களிடம் கேட்கும் சில கேள்விகள் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். எல்லாம் இடத்தைக் குறுக்குவதற்குத்தான்.

நிறத்தைக் கேட்பார். பால் விடாத தேநீர் போலக் கபிலமாகவும் நுரையோடும் போனால், அதோடு முகம் அல்லது கால் வீங்கி இரத்த அழுத்தமும் கூடியிருந்தால், சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண்ணிய வடிகள் அழற்சி அடைந்திருக்கின்றன என்று எண்ணுவார். பிள்ளைகளில் தொண்டைநோ வந்து ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு, அல்லது சிரங்கு வந்து மூன்று கிழமையளவில் இப்படி வரும். அதனால்தான் "அண்மையில் தொண்டைநோவோ சிரங்கோ வந்ததா?" என்று கேட்கிறார். இந்த வகைக்கு வேறு வைத்தியர், வேறு வழி. சலத்தில் புரதம் போகிறதா என்று பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் சிறுநீரகத்தில் ஒரு நூலளவு சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

பளிச்சென்ற சிவப்பாகப் போனால், அதுவும் கட்டிகட்டியாக விழுந்தால், வடியில் இருந்து வரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வடியிலிருந்து வரும் இரத்தம் அநேகமாக உறைந்து விழுவதில்லை. கட்டி மண்புழு போல நீளமாக இருந்தால் அது குழாய்க்குள் உறைந்து இறங்கியிருக்கலாம். ஈரல் துண்டு போல இருந்தால் பையில் உறைந்திருக்கலாம். எப்போது சிவக்கிறது என்பதையும் கேட்பார். தொடக்கத்தில் மட்டும் சிவந்து பிறகு தெளிந்தால் வெளிவரும் வழியில் காரணம். முடிவில் மட்டும் சிவந்தால் பையின் அடிப்பகுதி. முழுவதும் சிவந்தால் பையிலோ அதற்கு மேலோ. இவை திசைகாட்டும் குறிப்புகள்தான், தீர்ப்புகள் அல்ல. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பது கஷ்டம். ஒரு கொப்பித் தாளில் திகதியும் நிறமும் கட்டி விழுந்ததா என்பதும் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் போத்தலைப் படமெடுத்துக்கொண்டும் போகலாம். வைத்தியரைக் காணும் நாளில் சலம் தெளிவாகப் போனாலும் அந்தப் படம் பேசும்.

சிறுநீரகத்தில் தேடும் மற்றக் காரணங்களில் கல்லும் உண்டு. கல் என்றால் துடிக்கவைக்கும் என்றுதான் நாம் அறிவோம். குழாய்க்குள் இறங்கும் சிறு கல்தான் அப்படித் துடிக்க வைக்கும். சிறுநீரகத்துக்குள்ளேயே கிளைவிட்டு மான்கொம்பு போல வளரும் பெரிய கல் வருடக்கணக்காக நோகாமல் இருந்து இரத்தத்தை மட்டும் காட்டலாம். பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரகம், சிறுநீரகத்தில் வரும் கட்டி ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். சயரோகம் சுவாசப்பைக்கு மட்டும் உரியது அல்ல, சிறுநீரகத்திலும் பிடிக்கும். சலத்தில் சீழ்க் கலங்கள் இருந்தும் கல்ச்சரில் கிருமி ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியர் அதை நினைப்பார். மூன்று நாள் விடியற்காலைச் சலத்தைக் கேட்பார். அகதி முகாம்களில் நெருக்கமாக இருந்தவர்களும் வீட்டில் சயரோகம் வந்தவர்களும் அதைக் கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது.

வவுனியாப் பக்கத்தில் ஒரு சகோதரி, "இது அநுராதபுரத்துச் சிறுநீரக வருத்தமாக்கும், தண்ணிதான் காரணம்" என்று சொல்லி வடிகட்டிய தண்ணீர் வாங்கத் தொடங்கியிருந்தார். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் விவசாயிகளைப் பிடிக்கும் அந்த நாட்பட்ட வருத்தம் பொதுவாகச் சலத்தைச் சிவக்க வைப்பதில்லை. அது சத்தமில்லாமல் சிறுநீரகத்தைச் சுருக்குவது. சிவப்பைக் கண்டால் தண்ணீரில் பழியைப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

போரில் காயப்பட்டவர்களுக்கு மட்டும் சொல்லவேண்டிய இரண்டு விடயங்கள் இருக்கின்றன. இடுப்பிலோ வயிற்றிலோ ஷெல் துண்டு இன்னும் இருப்பவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மிக அரிதாக அத்துண்டு வருடங்கள் கழித்து நகர்ந்து சிறுநீர்ப்பைக்குள் போய், அதைச் சுற்றிக் கல் கட்டி இரத்தம் போகச் செய்திருக்கிறது. இன்னொரு காரணத்துக்காகவும் சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் பெரிய காந்தத்தால் வேலை செய்வது. உடலிலுள்ள இரும்புத் துண்டை அது அசைத்துவிடலாம். சீ.ரீ. ஸ்கானுக்கு அந்தப் பயம் இல்லை. இரண்டாவது, முள்ளந்தண்டு காயப்பட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகச் சலக் குழாய் போட்டிருப்பவர்கள். குழாய் உரசுவதாலும் தொற்றாலும் அவர்களுக்கு அடிக்கடி இரத்தம் வரும். அதனாலேயே "இது வழமைதான்" என்று எல்லோருக்கும் பழகிவிடும். ஆனால் நீண்டகாலம் குழாய் போட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. குழாய் மாற்றாத நாட்களிலும் இரத்தம் போனால், அல்லது முன்னையதைவிடக் கூடினால், உள்ளே பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இருதய வருத்தத்துக்கு அஸ்பிரினோ வோபரினோ எடுப்பவர்கள், "இரத்தத்தை இளக்கும் குளிசைதான் காரணம்" என்று எண்ணி அதை நிற்பாட்டிவிடுகிறார்கள். நிற்பாட்டக் கூடாது, அது வேறு ஆபத்து. அந்தக் குளிசை உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒரு புண்ணையோ கட்டியையோ கசிய வைத்து எமக்குக் காட்டிக்கொடுக்கிறது. குளிசை எடுப்பவருக்கும் மற்றவரைப் போலவே முழுத் தேடலும் வேண்டும்.

இனி அந்த அம்மாவிடம் வருகிறேன். அந்தக் கிழமையே போனோம். வைத்தியர் கேட்ட மூன்றாவது கேள்வி, "புகைக்கிற பழக்கம் இருக்கா?" அம்மா இல்லை என்று தலையாட்டினார். வெளியே வந்து வாங்கில் இருந்தபோது என் கையைப் பிடித்து, "பிள்ளை, நான் சுருட்டுக் குடிக்கிறனான். மாமி பழக்கினவ. முப்பது வருசம். ஆருக்கும் தெரியாது" என்றார். திரும்ப உள்ளே போய்ச் சொல்ல வைத்தேன். வைத்தியர் முகம் சுளிக்கவில்லை, எழுதிக்கொண்டார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணம் புகையிலைப் புகைதான். புகையின் நஞ்சு நெஞ்சிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. சிறுநீரகம் அதை வடித்துச் சலத்தில் விடுகிறது. சலம் பையில் மணிக்கணக்காகத் தங்கும்போது அந்த நஞ்சும் உட்தோலைத் தொட்டுக்கொண்டு தங்குகிறது. கரையோரத்தில் ஒளித்துச் சுருட்டுக் குடிக்கும் வயதான பெண்கள் எத்தனையோ பேர் எனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை, வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

கல்ச்சர் அறிக்கையில் கிருமி ஒன்றும் வளரவில்லை. சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டும் கிரியற்றினின் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.6 தான். இத்தனை மாதமும் போன இரத்தம் அதில் தெரிந்தது. வயிற்று ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. அம்மா கைகூப்பிக் கும்பிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. வைத்தியர் மட்டும் அறிக்கையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஸ்கானுக்கு முதல் சலம் போய்விட்டு வந்தீர்களா?" என்று கேட்டார். ஆம். வரிசையில் நின்று பொறுக்க முடியாமல் போய்விட்டார். வெறும் பை சுருங்கிய பலூன் போல மடிந்திருக்கும், மடிப்புக்குள் இருப்பது தெரியாது. தண்ணீர் குடித்து, பை நிறைந்து முட்டும்போதுதான் ஸ்கான் எடுக்க வேண்டும். நிறைந்திருந்தாலும் சிறு கட்டியை ஸ்கான் தவறவிடலாம். ஆகவே ஸ்கான் சுத்தம் என்பதோடு இந்தத் தேடல் முடிவதில்லை என்று அவர் விளக்கி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சிறுநீரகச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார். அந்தக் கேள்விக்காக அவரை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைப்பதுண்டு.

யாழ்ப்பாணத்தில் பை நிறைய எடுத்த ஸ்கானில் இடப்பக்கச் சுவரில் இரண்டு சென்றிமீற்றர் அளவில் ஒன்று தெரிந்தது. அடுத்தது கமெராப் பரிசோதனை. பெண்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேனைத் தண்டைவிட மெல்லிய குழாயின் நுனியில் கமெராவும் வெளிச்சமும் இருக்கும். சலம் வரும் வழியால் அதைப் பைக்குள் விடுவார்கள். விறைக்கச் செய்யும் களிம்பு முதலில் விடப்படும். ஆண்களின் வழி நீளம், பெண்களுக்கு நாலு சென்றிமீற்றர் அளவுதான், அதனால் பெண்களுக்கு இலகு. தண்ணீர் விட்டுப் பையை விரித்துப் பார்ப்பதால் சலம் முட்டுவது போல இருக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு ஒன்றிரண்டு நாள் எரியும், கொஞ்சம் சிவப்பாகவும் போகலாம். காய்ச்சலோ குளிரோ வந்தால் திரும்பப் போகவேண்டும்.

கால்களை அகற்றிப் படுக்க வேண்டியிருக்கும். அது சில பெண்களுக்கு வெட்கம் மட்டும் இல்லை. போர்க்காலத்தில் உடல்மீது நடந்த கொடுமை ஒன்றை அந்த நிலை மறுபடி கொண்டுவந்துவிடும். அப்படி இரண்டு பெண்கள் மேசையில் இருந்து இறங்கி ஓடிவந்ததை நான் அறிவேன். நடந்ததை யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை. "எனக்கு இப்படிப் படுக்க ஏலாது, பெண் தாதி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்று முதல்நாளே கிளினிக்கில் சொல்லலாம். அதுவும் முடியாது என்றால் மயக்கம் கொடுத்துச் செய்யக் கேட்கலாம். மயக்கம் கொடுத்துச் செய்வது புதிய விடயம் அல்ல, அவர்கள் வழமையாகச் செய்வதுதான்.

அம்மாவுக்கு வெளித்தெரியும் வெட்டு ஒன்றும் இல்லாமல், பங்குனியில், அதே வழியால் கருவி விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே விறைக்க ஊசி போட்டார்கள். மூன்று நாள் சலக் குழாயோடு இருந்தார். எடுத்த சதை பயொப்சிக்குப் போயிற்று. அந்த அறிக்கை வரும்வரை அவரும் நித்திரை கொள்ளவில்லை, நானும் கொள்ளவில்லை. அறிக்கையில் பார்ப்பது ஒரே ஒரு விடயத்தைத்தான் என்று சொல்லலாம். கட்டி பையின் உட்தோலோடு நின்றதா, அல்லது அதற்கு அப்பால் தசைக்குள் இறங்கியதா? தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்கவோ, கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் கொடுக்கவோ வேண்டிவரும். உட்தோலோடு நின்றால் பை தப்பும். முதல் தடவை கண்டுபிடிக்கப்படும் பத்துக் கட்டிகளில் ஏழு அளவில் இப்படித் தசைக்கு வெளியேதான் இருக்கும். அம்மாவின் அறிக்கை அப்படித்தான் வந்தது. புற்றுநோய்தான், ஆனால் தசைக்குள் இறங்கவில்லை.

ஆனியில் ஏழு மாதம் முந்திப் பார்த்திருந்தால் இன்னும் சிறிதாக இருந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார். ஏசவில்லை.

இந்த வகைக் கட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திரும்ப வரும். அதனால் மூன்று மாதத்தில் மறுபடி கமெரா விட்டுப் பார்ப்பார்கள், பிறகும் வருடக்கணக்காகப் பார்ப்பார்கள். 2023 ஆனியில் பார்த்தபோது சுத்தம். 2024 பங்குனியில் பயறளவில் ஒன்று இருந்தது. இரத்தமே போகவில்லை, பார்க்கப் போனதால் கண்டார்கள். அதையும் எடுத்துவிட்டு, கிழமைக்கு ஒன்றாக ஆறு தடவை பைக்குள்ளேயே மருந்து விட்டார்கள். அது என்ன மருந்து தெரியுமா? பிறந்த பிள்ளைக்கு இடது கையில் போடும் பீ.சீ.ஜீ. தான். சயரோகத்துக்கு எதிராகப் போடும் அதே மருந்து, பைக்குள் விட்டால் அங்கே உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி, மிஞ்சிய கலங்களை அழிக்கச் செய்கிறது. மருந்தை விட்டு இரண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருந்து பிறகு சலம் போகவேண்டும். "பேரனுக்குப் போட்ட ஊசி எனக்கு" என்று அம்மா சிரித்தார். எரிவு இருந்தது, இரண்டு நாள் காய்ச்சல் குணமும் இருந்தது. தாங்கினார்.

ஒரு தடவை மட்டும் போய் நின்றுவிட்டது, இப்போது காட்டவேண்டுமா என்று வாசகிகள் கேட்பீர்கள். 45 வயதுக்கு மேல் என்றால், கண்ணால் கண்ட இரத்தம் ஒரே ஒரு தடவை என்றாலும் காட்டவேண்டும். வயது குறைந்தவர்களும் காட்டவேண்டும், ஆனால் அவர்களில் தொற்று, கல், வடி அழற்சி போன்றவையே அதிகம் என்பதால் தேடல் அங்கிருந்து தொடங்கும். தொற்று என்று குளிசை தந்தால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். கல்ச்சருக்குச் சலம் அனுப்பினீர்களா, கிருமி வளர்ந்ததா, குளிசை முடிந்து எப்போது திரும்பச் சலம் பார்க்கவேண்டும். குளிசை முடிந்தபின்னும் நுணுக்குக்காட்டியில் செங்குருதிக் கலங்கள் இருந்தால், அல்லது கிருமியே வளரவில்லை என்றால், அடுத்த குளிசைக்குப் பதிலாக ஸ்கானுக்கும் கிளினிக்குக்கும் கடிதம் கேட்க வேண்டும். அரச வைத்தியசாலையில் இவை எல்லாம் இலவசம், காத்திருப்புத்தான் செலவு. திகதி தூரமாகப் போட்டால், "கட்டி விழுந்தது, நோவில்லை" என்ற இரண்டையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அதைப் படிக்கும் வைத்தியருக்கு அவசரம் விளங்கும்.

கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. உறைந்த கட்டி அடைத்துச் சலம் போகாமல் வயிறு முட்டினால், தலை சுற்றி விழப்பார்த்தால், குளிர்காய்ச்சல் வந்தால், கர்ப்பிணியாக இருந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மா இப்போது சுருட்டைத் தொடுவதில்லை. கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறார். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார். போன மாதம் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், அதுவும் ஒரு ஆம்பிளை உத்தியோகத்தரும் இருக்கும்போதே, "ஆருக்காவது சலம் சிவப்பாப் போனா என்னட்டை வந்து சொல்லுங்கோ, எந்த பஸ்ஸிலை போறது எண்டு நான் சொல்லுறன்" என்றார். கூட்டம் முடிந்தபிறகு இரண்டு பேர் அவரோடு கிணற்றடிக்குப் போனதைக் கண்டேன்.